ஐந்தா, ஆறா?



உங்களில் பலர் வீட்டில் இப்போது பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளை இருக்கிறது. அந்தப் பிள்ளையின் கணக்கு நோட்டில் முக்கோணவியல் பகுதியைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். sin 3x = cos 2x மாதிரி ஒரு கணக்காவது இருக்கும். ஒரு பக்கம் மூன்று மடங்கு கோணம், இன்னொரு பக்கம் இரண்டு மடங்கு. ஒரு பக்கம் சைன், மறுபக்கம் காஸ். டிப்ளமா முடித்து நடுநிலைப் பள்ளியோடு நின்ற வாத்தியாருக்கு இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் தெருப் பிள்ளைகள் சாயங்காலமானால் நோட்டோடு என் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை, நானும் உட்கார்ந்து போட்டுப் பார்க்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கணக்கைத் தனியாகச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. இதன் உடன்பிறப்பு sin 2x = cos 3x. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் நடத்த வேண்டும். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் இரண்டு பக்கத்தையும் ஒரே இனமாக்க வேண்டும். ஒரு கோணத்தின் சைன் என்பது 90 டிகிரியில் அந்தக் கோணம் போக மீதியின் காஸ். ஆகவே sin 3x என்பதை cos (90° − 3x) என்று எழுதலாம். இப்போது இரண்டு பக்கமும் காஸ்.

cos (90° − 3x) = cos 2x

இரண்டு கோணங்களின் காஸ் சமம் என்றால் கோணங்களும் சமம் என்று பிள்ளைகள் உடனே எழுதுகிறார்கள். 90° − 3x = 2x, 5x = 90°, x = 18°. கீழே இரண்டு கோடு போட்டு முடித்துவிடுகிறார்கள். 18 டிகிரி சரிதான். ஆனால் அது ஐந்தில் ஒன்று.

காஸுக்கு இரண்டு குணம் உண்டு. ஒரு முழுச் சுற்று, அதாவது 360 டிகிரி, கூட்டினாலும் கழித்தாலும் அதன் மதிப்பு மாறாது. கோணத்துக்கு மைனஸ் குறி போட்டாலும் மாறாது. அதனால் சரியான வரி இது:

90° − 3x = 360°n ± 2x

இதில் n என்பது எந்த முழு எண்ணாகவும் இருக்கலாம். கூட்டல் குறியை எடுத்துக்கொண்டால் 5x = 90° − 360°n. ஐந்தால் வகுத்தால் x = 18° − 72°n. n மைனஸிலும் வரலாம் என்பதால் 18° + 72°k என்றே எழுதிக்கொள்ளலாம். 18, 90, 162, 234, 306 என்று ஒரு சுற்றுக்குள் ஐந்து விடைகள்.

இந்த இடத்தில்தான் முதல் வழுக்கல். ஒரு டியூஷன் நோட்டில் x = 18° + 360°n என்று பார்த்தேன். 5x = 90° என்று எழுதி, வகுத்து, 18 வந்த பிறகு கடைசியில் 360-ஐ ஒட்டவைத்திருக்கிறார்கள். 360-ஐ வகுப்பதற்கு முன்னாலேயே சேர்த்துவிட வேண்டும். x ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் 5x ஐந்து சுற்று சுற்றிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் 90 டிகிரியை ஒருமுறை தொடும். அந்த ஐந்து தொடுகைகள்தான் ஐந்து விடைகள். கடைசியில் ஒட்டவைத்தால் நான்கு காணாமல் போகும்.

பிள்ளைகளுக்கு நான் சுவர்க் கடிகாரத்தைக் காட்டித்தான் சொல்கிறேன். ஒரு நிமிடக் கோடு என்பது 6 டிகிரி. 18 டிகிரி மூன்றாவது நிமிடம், 72 டிகிரி பன்னிரண்டு நிமிடம். ஆகவே விடைகள் 3, 15, 27, 39, 51 ஆகிய நிமிடங்களில் சம இடைவெளியில் உட்காருகின்றன. படம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் எது விட்டுப்போனது என்று பிள்ளையே சொல்லிவிடும்.

இப்போது மைனஸ் குறி. 90° − 3x = 360°n − 2x. இதைச் சுருக்கினால் x = 90° − 360°n. ஒரு சுற்றுக்குள் ஒரே விடை, 90 டிகிரி. கடிகாரத்தில் அது பதினைந்தாவது நிமிடம். அங்கே ஏற்கெனவே ஒரு விடை உட்கார்ந்திருக்கிறது. மைனஸ் குறியை மறந்த பிள்ளைக்கும் மறக்காத பிள்ளைக்கும் ஒரே ஐந்து விடைகள், ஒரே மதிப்பெண்.

எனக்கு உறுத்துவது இதுதான். அரைவழி போனவனுக்கும் முழு விடை கிடைத்துவிடுவதால், அந்த ± குறி சும்மா அலங்காரத்துக்கு என்று பிள்ளை முடிவு செய்துவிடுகிறது.

உடன்பிறப்புக் கணக்கைப் போட்டால் சாயம் வெளுத்துவிடும். sin 2x = cos 3x. அதே வழியில் 3x = 360°n ± (90° − 2x). கூட்டல் குறி பழையபடி 18, 90, 162, 234, 306 தருகிறது. மைனஸ் குறி x = 360°n − 90° தருகிறது, அதாவது 270 டிகிரி. கடிகாரத்தில் நாற்பத்தைந்தாவது நிமிடம், யாரும் இல்லாத இடம். மொத்தம் ஆறு விடைகள். சரிபார்த்தும் விடலாம்: 540 டிகிரியின் சைன் பூச்சியம், 810 டிகிரியின் காஸும் பூச்சியம். முன்னதில் மைனஸை மறந்து தப்பித்தவன் இதில் மாட்டிக்கொள்வான்.

இன்னொரு பள்ளம் இதைவிட ஆழமானது. அதற்கான பழக்கம் நல்ல இடத்திலிருந்தே வருகிறது. sin 18°-இன் மதிப்பைக் கண்டுபிடிக்கும் வழி எல்லாப் பிள்ளைகளும் படித்ததுதான். θ = 18° என்றால் 2θ = 90° − 3θ, அதனால் sin 2θ = cos 3θ. விரித்து எழுதினால்

2 sin θ cos θ = 4cos³ θ − 3 cos θ

இரண்டு பக்கமும் cos θ-ஆல் வகுத்து, cos² θ-வை 1 − sin² θ ஆக்கினால் 4 sin² θ + 2 sin θ − 1 = 0. 18 டிகிரியின் சைன் மிகை எண் என்பதால் (√5 − 1)/4. இந்த மதிப்பு புதிதும் அல்ல, 1150-இல் பாஸ்கராச்சாரியார் எழுதிய சித்தாந்த சிரோமணியிலேயே இருக்கிறது.

அங்கே cos θ-ஆல் வகுத்தது நியாயம். கோணம் 18 டிகிரி என்று நமக்கு முன்பே தெரியும், அதன் காஸ் பூச்சியம் இல்லை. ஆனால் sin 2x = cos 3x என்று சமன்பாடாக வந்தால் x யாரென்றே தெரியாது. அதே கை அதே பழக்கத்தில் cos x-ஐ இரண்டு பக்கமும் வெட்டினால் 90-உம் 270-உம் போய்விடும், ஆறு விடை நான்காகிவிடும். வெட்டக் கூடாது. எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து cos x-ஐப் பொதுவாக வெளியே எடுக்க வேண்டும். cos x = 0 என்பது ஒரு கிளை, மேலே சொன்ன இருபடிச் சமன்பாடு இன்னொரு கிளை. அதில் சைனின் மதிப்புகள் (√5 − 1)/4, (−√5 − 1)/4. முதலாவது 18, 162 தருகிறது. இரண்டாவது 234, 306 தருகிறது. முன்னது இரண்டு, பின்னது நான்கு, கணக்கு நேராகிவிட்டது.

sin 3x = cos 2x-ஐயும் விரித்துப் போட்டுப் பாருங்கள். 4s³ − 2s² − 3s + 1 = 0 வரும் (s என்பது sin x). s = 1 போட்டால் பூச்சியமாகும். (s − 1) வெளியே வந்தபின் மீதி இருப்பது அதே இருபடிதான். ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று நான் சொன்னது இதனால்தான்.

விரித்துப் போடுவது தப்பில்லை. ஆனால் அது சரிபார்க்கும் வழியாக இரண்டாவதாக வரட்டும். sin 5x = cos 4x என்று கேட்டால் விரித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும், காஸுக்குக் காஸ் வழி அங்கேயும் நாலு வரிதான். விடை எழுதும் முன் எத்தனை விடை வர வேண்டும் என்று கேட்கும் பழக்கமும் வர வேண்டும். மடங்குகள் 3, 2 என்றால் கூட்டினால் 5, கழித்தால் 1. இரண்டு கூட்டமும் எங்காவது ஒரே புள்ளியில் விழுகிறதா என்று பார்த்துக் கழித்துக்கொள்ள வேண்டும். முதல் கணக்கில் விழுந்தது, இரண்டாவதில் விழவில்லை.

பரீட்சையில் ரேடியனில் எழுதச் சொன்னால் 18° என்பது π/10, 72° என்பது 2π/5. அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டுப்பாடம் கொடுக்காமல் அனுப்பினால் நான் உங்கள் சார் இல்லை. sin 4x = cos x. உங்கள் பிள்ளையைப் போடச் சொல்லுங்கள், நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். கடிகாரத்தில் எட்டுப் புள்ளி வர வேண்டும். ஐந்து வந்தால் மைனஸ் குறியை விட்டிருக்கிறீர்கள். ஆறு வந்தால் cos x-ஐ வெட்டியிருக்கிறீர்கள்.