வரைபடம் எங்களைச் சோம்பேறி ஆக்கியது

சுங்கைப்பட்டாணியில் இறுதியாண்டுத் திட்டமாக, செம்பனைத் தோட்டத்துக் குலைக் கணக்குக்கு நாங்கள் நால்வர் ஒரு செயலி செய்தோம். மொத்தம் 60 வேலைகள். வாரம் 10 முடித்தோம். மீதி வேலையைக் காட்டும் பர்ன்டவுன் கோடு 50, 40 என இறங்கியது. மூன்றாம் வாரமும் 10 முடித்தோம். ஆனால், தோட்டத்துக் கிராணி வருகைப் பதிவும் கேட்டதால் புதிதாக 10 வேலை சேர்ந்தது. கோடு 40-இலேயே நின்றது. “இந்த வாரம் தூங்கினீர்களா?” என்றார் விரிவுரையாளர்.

பர்ன்அப்பில் இரண்டு கோடுகள். முடித்த வேலை 30-க்கு ஏறியது; மொத்த வேலை 60-இலிருந்து 70-க்கு ஏறியது. இப்போது கேள்வியே மாறியது: கூடுதல் வேலையை விடுவதா, வெளியீட்டை ஒரு வாரம் தள்ளுவதா?

பட்டியல் மாறாத இரண்டு வாரச் சுற்றுக்குப் பர்ன்டவுன் போதும். பல வாரம் ஓடும் வெளியீட்டுக்கு நான் பர்ன்அப்பையே வரைவேன். கூடிய வேலையை அன்றே மொத்தத்தில் சேர்க்காவிட்டால் அதுவும் பொய்தான் சொல்லும்.