‘யுத்தத்தால் போனார்கள்’ என்று எழுதினால் ஏன் புள்ளி வருவதில்லை?

வெளிநாட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காக ஐ.ஈ.எல்.ரி.எஸ் எடுக்கும் எங்கள் பிள்ளைகளில் பலருக்கு எழுத்துப் பகுதிதான் காலை வாரிவிடுகிறது. ஆங்கில இலக்கணம் போதாது என்று ரியூசன் வகுப்புகளில் காரணம் சொல்வார்கள். சிலருக்கு அது சரி. ஆனால் இலக்கணம் ஓரளவு நன்றாக இருந்தும் புள்ளி ஏறாத கட்டுரைகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் குறை வேறிடத்தில் இருக்கிறது.

எழுத்துப் பகுதியின் இரண்டாவது கேள்வி ஒரு கட்டுரை. குறைந்தது 250 சொற்கள். அதற்கு 40 நிமிடங்கள் ஒதுக்கச் சொல்கிறார்கள். கேள்விக்கான பதில், ஒழுங்கும் தொடர்பும், சொல்வளம், இலக்கணம் என நான்கு அளவுகோல்கள். நான்குக்கும் சம பங்கு. முதல் அளவுகோலில்தான் கருத்து எவ்வளவு தூரம் வளர்க்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கிறார்கள். கருத்துகள் வெறுமனே சொல்லப்பட்டு, போதியளவு விரிக்கப்படாமல் நின்றால் அது 5. பொருத்தமாக இருந்தும் சில மட்டும் அரைகுறையாக நின்றால் 6. விரிக்கப்பட்டு ஆதாரமும் கொடுக்கப்பட்டால் 7க்குப் போகலாம். மற்ற மூன்றிலும் 6 எடுத்தவர் இதில் 5 எடுத்தால் சராசரி 5.75.

புங்குடுதீவு இறுப்பிட்டியில் ஒரு மாணவி தன் பயிற்சிக் கட்டுரையைக் காட்டினாள். மக்கள் கிராமங்களை விட்டு வெளியேறுவதற்குக் காரணம் என்ன, விளைவு என்ன என்பது கேள்வி. சொந்த ஊரையே எழுதியிருந்தாள். ஒரு பந்தி தமிழில் இப்படி வரும்: “யுத்தத்தால் மக்கள் ஊரை விட்டுப் போனார்கள். ஆகவே கிணறுகள் உவராகின. இதன் விளைவாகப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்தார்கள். எனவே ஊருக்கு எதிர்காலம் இல்லை.”

“எல்லாம் உண்மைதானே அக்கா?” என்று கேட்டாள்.

உண்மைதான். தீவகத்துக்காரர் வாசித்தால் தலையாட்டுவார். ஆனால் ஆட்கள் போனதற்கும் கிணறு உவரானதற்கும் என்ன சம்பந்தம்? கிணறு உவரானால் பள்ளிக்கூடம் ஏன் வெறுமையாக வேண்டும்? திருத்துபவர் புங்குடுதீவைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். அவருக்குத் தாளில் உள்ளது மட்டும்தான் தெரியும். ‘யுத்தம்’ என்ற சொல் எங்களுக்குள் ஒரு முழுக் கதையையும் கொண்டு வந்துவிடுகிறது. ஒருவருக்கொருவர் பேசும்போது நடுவிலுள்ளதைச் சொல்லத் தேவையில்லாமலே முப்பது வருடங்களுக்கு மேல் வாழ்ந்துவிட்டோம். அந்தப் பழக்கம் பரீட்சைத் தாளிலும் இறங்கிவிடுகிறது.

விட்டுப்போன இடங்களை இருவருமாக நிரப்பினோம். 1991இல் ஊர் இடம்பெயர்ந்தது. குளங்களைத் தூர்வாரவும் வரம்புகளைக் கட்டவும் ஆளில்லாமல் போயிற்று. மாரி மழைத் தண்ணீர் தேங்கி நிலத்துக்குள் இறங்காமல் கடலுக்கு ஓடியது. தீவின் சுண்ணக்கல்லுக்குள் உவர்நீருக்கு மேலே நன்னீர் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. மழை ஊறாவிட்டால் அந்தப் படை மெலியும், கிணற்றில் உவர் ஏறும். திரும்பி வந்தவர்களுக்குத் தோட்டம் செய்ய முடியவில்லை, குடிக்கிற தண்ணீருக்கும் பவுசரைப் பார்த்திருக்க வேண்டியிருந்தது. படிக்கிற பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு இருந்துகொண்டன. பள்ளிக்கூட வரவு அப்படிக் குறைந்தது.

முதல் பந்தியில் இருந்த அதே காரணமும் அதே விளைவும்தான் இதிலும் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும் “எப்படி?” என்று கேட்டால் அடுத்த வசனம் பதில் சொல்கிறது. சங்கிலி அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கவும் இதே கேள்விதான் வழி. “ஆகவே”, “இதன் விளைவாக” போன்ற சொற்கள் அந்த இடைவெளியை மூடிக் காட்டுமே தவிர நிரப்பாது. பல வகுப்புகளில் இந்தச் சொற்களைப் பட்டியல் போட்டுப் பாடமாக்க வைக்கிறார்கள். எனக்கு அது பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயமாகவே படுகிறது. இணைப்புச் சொற்களை இயந்திரம்போல் அடுக்குவது இரண்டாவது அளவுகோலிலும் புள்ளியைக் குறைக்கும்.

எல்லாக் கண்ணிக்கும் ஒரே நீளம் தேவையில்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் குடும்பம் இருக்காது என்பது எவருக்கும் விளங்கும், ஒரு வசனம் போதும். வெறும் ஊர் எப்படி உவர்க் கிணறாகிறது என்பதுதான் வெளியாளுக்கு விளங்காதது. சொற்களை அங்கே செலவழிக்க வேண்டும். “எல்லாரும் போய்விட்டார்கள்”, “எதிர்காலமே இல்லை” என்ற வசனங்களையும் வெட்டினோம். இன்னும் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், அவளே ஒருத்தி. இப்படி எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பொதுமைப்படுத்துவதைத் திருத்துபவர்கள் குறையாகவே எடுப்பார்கள்.

நான்கு காரணங்கள் இருந்த கட்டுரையில் இப்போது இரண்டு மிஞ்சியிருக்கின்றன. 40 நிமிடத்தில் நான்கையும் இப்படி விரிக்க முடியாது. இரண்டாவது காரணம் போக்குவரத்து. “பஸ் குறைவு, ஆகவே இளைஞர்கள் வெளியேறினார்கள்” என்று அது இன்னும் பழையபடியே கிடக்கிறது. கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அதற்குள் வீடு திரும்ப வேண்டியவர் யாழ்ப்பாணத்தில் எந்த வேலையை எடுக்க முடியாது என்பதை அவள் இனித்தான் எழுத வேண்டும்.