20 நிமிடம் 10 ஆனபோது

சென்ற மாதம் ஈப்போவில் ஒரு நிகழ்ச்சியில் தோட்டத் துண்டாடலைப் பற்றிப் பேச என்னை அழைத்திருந்தார்கள். 20 நிமிடம் என்றதால் 24 சிலைடுகள் தயாரித்தேன். முதல்நாள் மாலை ஏற்பாட்டாளர் கூப்பிட்டு, "அண்ணே, பேச்சாளர்கள் கூடிவிட்டார்கள். 10 நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள்" என்றார்.

எல்லாச் சிலைடுகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு பேசிப் பார்த்தேன். 16 நிமிடம் ஆனது. கேட்டுக்கொண்டிருந்த மனைவியிடம், "நான் என்ன சொன்னேன்?" என்றேன். "ரப்பர் வந்த கதையைச் சொன்னீங்க" என்றார். துண்டாடல் அவர் மனதில் பதியவே இல்லை.

பிறகுதான் ஒரு தாளில் ஒரே வாக்கியம் எழுதினேன்: 'தோட்டம் கைமாறியபோது தொழிலாளி வேலையோடு வீட்டையும் இழந்தார், நிலத்தைத் தாமே சேர்ந்து வாங்குவது அதற்கு ஒரு வழியாக இருந்தது.' ஒவ்வொரு சிலைடையும் எடுத்துவிட்டு, இந்த வாக்கியம் நிற்கிறதா என்று பார்த்தேன்.

1877இல் கோலகங்சாருக்கு ரப்பர் கன்று வந்த கதைக்கு மட்டும் ஏழு சிலைடுகள் இருந்தன. அவற்றை எடுத்தும் வாக்கியம் அசையவில்லை. அப்பாவின் பால்வெட்டுக் கத்திப் படத்தை எடுக்கத்தான் மனம் வரவில்லை. ஆனாலும் எடுத்தேன்.

மூன்று செய்திகள் மிஞ்சின. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெளிநாட்டு முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால், வேலை போனால் வீடும் போயிற்று. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்க, தொழிலாளர்களின் பங்குப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன.

இன்னொன்றையும் வெட்டப் பார்த்தேன்: சங்கத்தால் எல்லாத் தோட்டங்களையும் வாங்க முடியவில்லை என்ற வரி. சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் அது இல்லாவிட்டால், சிக்கல் அத்தோடு தீர்ந்தது என்று கேட்பவர்கள் நினைப்பார்கள். நான் சொல்வதே பொய்யாகிவிடும். அதைத் திரும்பச் சேர்த்தேன். கதையை வெட்டலாம், சொல்லும் கருத்துக்கு எல்லை போடும் வரியை வெட்டக்கூடாது.

இப்போது 9 சிலைடுகள். வேகத்தைக் கூட்டாமல் பேசியும் 9 நிமிடம்தான். மண்டபத்தில் மைக்கைச் சரிசெய்ய ஒரு நிமிடம் போய்விடும் என்பதால் அப்படியே விட்டேன். மனைவியிடம் மறுபடியும் கேட்டேன். "தோட்டத்தை வித்தப்போ வேலையோட வீடும் போச்சு. அதுக்குத்தான் சேர்ந்து வாங்கினாங்க. ஆனா எல்லாத்தையும் வாங்க முடியலை" என்றார்.

எடுத்த சிலைடுகளை நான் அழிக்கவில்லை. 'நன்றி' சிலைடுக்குப் பின்னால் வைத்திருந்தேன். கேள்வி நேரத்தில் ஒரு பெரியவர், "தம்பி, உங்க அப்பா பால் வெட்டினவரா?" என்று கேட்டார். அப்போது அந்தக் கத்திப் படத்தைத் திரையில் காட்டினேன்.