ஆவன செய்க: எதனை?

அலுவலகக் கடிதம் எழுதக் கற்ற நாள்தொட்டு நம் கை பழகிப்போன முடிப்பு வாக்கியம் ஒன்று உண்டு. ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்பதே அது. தமிழில் எழுதுங்கால் அதனையே ‘ஆவன செய்யுமாறு வேண்டுகிறோம்’ என்கிறோம். இத்தொடரை அயல்நாட்டார் நகைப்பர் என்று இன்று சிலர் கூறக் கேட்கிறோம். நகைப்பு ஒரு பொருட்டன்று. அவர்களுக்கு அது விளங்காமற் போவதே நாம் கருதத்தக்கது.

இத்தொடரை நாம் படைத்தோம் அல்லோம். ஆங்கிலேய வணிகரும் அதிகாரிகளும் தம் கடிதங்களில் வழங்கிய நடையே இது. அவர்கள் நாட்டில் இது வழக்கொழிந்துவிட்டது. இங்கோ கோப்புகள் வழியே தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்துவருகிறது. ஆதலின் இதனைப் பிழை என்று கூறுவாரோடு நாம் உடன்படவில்லை. பாட்டனார் வீட்டிலிருந்து வந்த பழம்பாத்திரம் இது. பெயரன் வீட்டில் எதற்குரியது என்று தெரியாது விழிக்கிறார்கள், அவ்வளவே.

நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் இங்கிலாந்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தார். விடுதிக் கட்டணம் பற்றி அவர் விடுத்த மின்னஞ்சலின் படியை நம்மிடம் காட்டினார். அதில் மூன்றே வாக்கியங்கள். விடுதிக் கட்டணத்தில் தமக்கு ஒரு ‘டவுட்’ உண்டு என்பது முதலாவது. மதிப்பெண் பட்டியலை இணைத்துள்ளேன், ‘டூ த நீட்ஃபுல்’ என்பது இரண்டாவது. விரைவில் ‘ரிவர்ட்’ செய்க என்பது மூன்றாவது. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஒரு வாரம் கழித்து வந்த மறுமொழியோ, ‘எங்கள் கட்டணத்தில் எது தவறென்று கருதுகிறீர்கள்? இப்பட்டியலைக் கொண்டு நாங்கள் செய்ய வேண்டியது யாது?’ என்று வினவியது. விடுதியில் இடம் கோரும் இறுதி நாளுக்கு அப்போது நான்கு நாள்களே எஞ்சியிருந்தன.

நிகழ்ந்தது என்ன? ‘சந்தேகம்’ என்னும் நம் சொல் வினாவையும் குறிக்கும், ஐயப்பாட்டையும் குறிக்கும். வகுப்பில் கை உயர்த்தும் மாணவன் ‘ஐயா, ஒரு சந்தேகம்’ என்றால் ஆசிரியர் சினப்பதில்லை. ஆங்கிலேயர் செவியிலோ ‘டவுட்’ என்பது நம்பாமையையே முதற்கண் உணர்த்தும். ‘ரிவர்ட்’ என்பதற்கு அவர்கள் அறிந்த முதற்பொருள் பழைய நிலைக்குத் திரும்புதல். மறுமொழி தருதல் என்னும் பொருள் நம் நாட்டிலும் மலேசியா, சிங்கப்பூரிலும் பெருவழக்கு. இவ்விரண்டையும் அவர்கள் ஒருவாறு ஊகித்தறியலாம். ‘நீட்ஃபுல்’ மட்டும் ஊகத்துக்கும் இடம் தரவில்லை. அதன் சொற்பொருள் அவர்களுக்குத் தெரியாததன்று. செயற்பொருள் அதில் இல்லை. நம் அலுவலகத்தில் பட்டியலொன்று மேசைக்கு வந்தால் அடுத்து ஒப்பமா, முத்திரையா, பதிவா என்பதை எழுத்தர் அறிவார். அந்த அறிவே வெற்றிடத்தை நிரப்பிவிடுகிறது. கடல் கடந்தால் அந்த எழுத்தர் இல்லை.

மாணவரின் கடிதத்தை அன்றே மாற்றி எழுதினோம். விடுதிக் கட்டணத்தில் உணவும் அடங்குமா என்பதே அவர் கேட்க விழைந்தது, அதனை நேர்வினாவாக்கினோம். பட்டியலைத் தம் விண்ணப்பக் கோப்பில் சேர்த்து, சேர்த்தமையை இன்ன தேதிக்குள் மின்னஞ்சலில் தெரிவிக்குமாறு கேட்டோம். மறுநாளே விடை வந்தது, இடமும் கிடைத்தது.

இத்தகு தொடர்களை இனங்காண நாம் கைக்கொள்ளும் வழி எளியது. எழுதிய ஆங்கில வாக்கியத்தைப் படித்து, யார், எதனை, எந்நாளுக்குள் செய்ய வேண்டும் என்று கேட்டுப் பார்க்கிறோம். விடை வாக்கியத்திலேயே இருத்தல் வேண்டும். நம் நெஞ்சில் மட்டும் இருந்தால் போதாது. வாக்கியம் சொல்லுக்குச் சொல் தமிழாகிவிடுமாயின் இன்னும் விழிப்பு வேண்டும்: ‘டுடே இட்செல்ஃப்’ என்பது நம் ‘இன்றே’ என்பதன் ஏகாரம் அன்றி வேறென்ன? ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ வேறு வகை. அதிகாரிகள் பணியமர்ந்த ஊரை ‘ஸ்டேஷன்’ என்ற காலத்தின் எச்சம் அது. இன்றைய அயலார்க்குப் புகைவண்டி நிலையமே நினைவில் எழும். ‘ப்ரிபோன்’ என்பதை மட்டும் நாம் விட்டுக்கொடுக்க ஒருப்படோம். முன்தள்ளி வைத்தலை அது ஒரே சொல்லில் சுருங்கக் குறிக்கிறது. ஆங்கில அகராதிகளும் அதனை ஏற்றுள்ளன.

மூத்த பேராசிரியர் ஒருவர் இதற்கு மறுப்புரைத்தார். இன்னதைச் செய்க என்று உயர் அலுவலருக்கு எழுதுவது கட்டளைபோல் தொனிக்காதா, ஆவன எவை என்பதை அவர் விருப்புக்கு விடுவதன்றோ பணிவு என்றார். மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதுவோர்க்கு அது முற்றும் பொருந்தும். அங்கே அத்தொடர் இருக்கட்டும் என்றே நாமும் கூறினோம். அயல்நாட்டுப் பல்கலைக்கழக எழுத்தரோ நம் பணிவைப் படிப்பதில்லை. தாம் செய்ய வேண்டிய வேலையைத் தேடுகிறார். பேராசிரியர் முழுதும் இசைந்தாரல்லர். எனினும் சென்ற வாரம் அவர் கனடாவுக்கு விடுத்த பரிந்துரைக் கடிதத்தில் ‘நீட்ஃபுல்’ இல்லை. அந்த இடத்தில் ஒரு தேதி இருந்தது.