95% பேர் ஆஃப் செய்யாத ஆப்ஷன்! கேம் செட்டிங்ஸில் இருக்கும் 'ஆக்சஸிபிலிட்டி' உண்மையில் யாருக்கு?

வீடியோ கேம் செட்டிங்ஸில் 'ஆக்சஸிபிலிட்டி' என்று ஒரு பகுதி இருக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கானது, நமக்கு எதுக்கு என்று பலரும் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஆனால் உள்ளே இருக்கும் வசதிகளை யார் அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தால் கணக்கே வேறு. விரிவாகப் பார்க்கலாம்.

சப்டைட்டில் யாருக்கு?

காது கேளாதவர்களுக்கு என்பதுதான் வழக்கமான பதில். 'அசாசின்ஸ் கிரீட்' கேம்களைத் தயாரிக்கும் யூபிசாஃப்ட், 2019-ல் ஒரு புள்ளிவிவரத்தை வெளியிட்டது. 2017-ல் வந்த 'ஆரிஜின்ஸ்' கேமில் சப்டைட்டில் ஆஃப் நிலையில்தான் இருக்கும். அப்படியும் சுமார் 60% பேர் தாங்களாகவே தேடிப் போய் ஆன் செய்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டு வந்த 'ஒடிஸி'யில் ஆரம்பத்திலேயே ஆன் செய்து கொடுத்தார்கள். சுமார் 95% பேர் அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

இத்தனை பேருக்கும் காது கேட்காதா என்ன? குழந்தை தூங்கும் நேரத்தில் சத்தத்தைக் குறைத்து விளையாடுபவர், ஹெட்போன் இல்லாமல் பஸ்ஸில் விளையாடுபவர், ஆங்கில உச்சரிப்பு புரியாமல் எழுத்தைப் படிப்பவர் என எல்லோருக்கும் அது தேவைப்படுகிறது.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. சத்தம் குறைவாக வைத்திருப்பவருக்கு வசனம் மட்டும் போதும். காது கேளாதவருக்கு அது போதாது. பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறது, இடது பக்கம் சுடுகிறார்கள் என்பதும் திரையில் வர வேண்டும். வராவிட்டால், எங்கிருந்து அடி விழுகிறது என்றே தெரியாமல் தோற்றுப்போவார்.

கலர் பிளைண்ட் மோடு ஆன் செய்தால் போதுமா?

ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8% பேருக்கு சிவப்பு - பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. பெண்களில் இது சுமார் 0.5% மட்டுமே. இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதும், ஆண்களுக்கு அது ஒன்றுதான் என்பதும் காரணம்.

ஒரு டீம் கேமை எடுத்துக்கொள்வோம். நம் ஆளின் தலைக்கு மேல் பச்சைக் கோடு, எதிரிக்கு சிவப்புக் கோடு. இந்தக் குறைபாடு உள்ளவருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மங்கல் நிறமாகத் தெரியலாம். யாரைச் சுடுவது?

சில கேம்கள் இதற்கு மொத்தத் திரைக்கும் ஒரு ஃபில்டர் போட்டுவிடும். வானம், புல், முகம் எல்லாமே நிறம் மாறிவிடும். கோடுகள் மட்டும் குழப்பமாகவே இருக்கலாம். எதிரியின் நிறத்தை மட்டும் நீலம், மஞ்சள் என நாமே மாற்ற விடுவதும், நிறத்தோடு ஒரு வடிவத்தையும் சேர்ப்பதும்தான் நல்ல வழி. சோதிப்பதும் சுலபம். ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். எதிரி யார் என்று அப்போதும் தெரிந்தால், அந்த கேம் நிறத்தை மட்டும் நம்பி இல்லை.

பட்டனை மாற்றுவதில் என்ன சிக்கல்?

ஒரு கையால் மட்டும் விளையாடுபவருக்கு, குறி வைக்க ஒரு பட்டனைப் பிடித்துக்கொண்டே இன்னொன்றை அழுத்துவது முடியாத காரியம். பட்டன்களின் இடத்தை மாற்றினால் பாதிப் பிரச்னைதான் தீரும். 'பிடித்துக்கொண்டே இரு' என்பதை 'ஒருமுறை தட்டினால் ஆன், மறுபடி தட்டினால் ஆஃப்' என்று மாற்றவும், வேகமாகத் தட்ட வேண்டிய இடத்தில் பிடித்திருந்தாலே போதும் என்று வைக்கவும் வழி வேண்டும். மணிக்கட்டு வலி உள்ளவருக்கும் இதே வசதிதான் கைகொடுக்கும்.

பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கன்சோல்களிலேயே பட்டனை மாற்றலாமே என்று கேட்கலாம். மாற்றலாம். ஆனால் அது கேமுக்குத் தெரியாது. நீங்கள் மாற்றிய பிறகும் திரையில் பழைய பட்டனைத்தான் அழுத்தச் சொல்லும். அதனால் கேமுக்குள்ளேயே இந்த வசதி இருப்பதுதான் சரி.

முன்னுதாரணம் எது?

2020 ஜூனில் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2'. இதில் 60-க்கும் மேற்பட்ட ஆக்சஸிபிலிட்டி செட்டிங்ஸ் உண்டு. பார்வை, செவித்திறன், உடல் இயக்கம் என மூன்று ரெடிமேட் தொகுப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், தேவையானவை மொத்தமாக ஆன் ஆகிவிடும். மெனுவைக் குரலில் படிப்பது, போக வேண்டிய திசையைக் காட்டுவது, ஒலியால் எச்சரிப்பது எல்லாம் சேர்ந்ததால் பார்வையற்றவர்களும் இந்த கேமை முடித்திருக்கிறார்கள்.

வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

ஆயிரக்கணக்கில் பணம் கட்டிய பிறகு 'இதை என்னால் விளையாடவே முடியாது' என்று தெரிவதுதான் பெரிய இழப்பு. கேம் பெயரோடு 'ஆக்சஸிபிலிட்டி செட்டிங்ஸ்' என்று சேர்த்துத் தேடி, மெனுவைக் காட்டும் வீடியோவைப் பாருங்கள். சப்டைட்டில் எழுத்தைப் பெரிதாக்க முடியுமா, நிறத்தைத் தனியாக மாற்ற முடியுமா, எல்லா பட்டனையும் மாற்ற முடியுமா? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு பணம் கட்டுங்கள்.