பூஜ்யத்தைப் பெருக்கினால் இரண்டா?



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை இரண்டு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். எழுதியவர் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில், சர்க்யூட் போர்டில் சில்லு பதிக்கும் லைனில் இரவு ஷிப்ட் பார்க்கிறார். அவருடைய அக்கா, ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014-இல் நிற்கும்வரை அங்கே இருந்தவராம். “ராத்திரி பூரா சில்லு பதிக்கிறோம் சார். அதுக்குள்ள கணக்கு எப்படி நடக்குதுன்னு ஒரு தடவை கையால செஞ்சு பார்த்துடணும்னு தோணிச்சு” என்று எழுதியிருந்தார்.

வார விடுமுறையில் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், 7408 மூன்று, 74283 இரண்டு, ஆறு சுவிட்ச், ஆறு எல்.இ.டி. வாங்கி, மூன்று பிட் எண்கள் இரண்டைப் பெருக்கும் சுற்றை பிரெட்போர்டில் கட்டிவிட்டார். விடை வருகிறது. ஆனால் எதைப் பெருக்கினாலும் சரியான விடையைவிட இரண்டு அதிகம். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் பெருக்கினாலும் இரண்டு!

கோளாறுக்குப் போகுமுன் சுற்றைப் பார்த்துவிடுவோம். பள்ளிக்கூடத்தில் போட்ட அதே பெருக்கல்தான். ஒவ்வொரு இலக்கத்தாலும் பெருக்கி, ஒரு இடம் தள்ளித் தள்ளி எழுதி, கடைசியில் கூட்டுகிறோம். இரும எண்ணில் மனப்பாடம் செய்ய வாய்பாடே கிடையாது. ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் ஒன்று, மற்றதெல்லாம் பூஜ்யம். அண்ட் கேட் செய்வதும் அதுதான். மூன்று இலக்கத்தை மூன்றால் பெருக்க ஒன்பது கேட் வேண்டும். ஒரு 7408-இல் இருப்பது நான்கு. அந்த ஒன்பதாவது கேட்டுக்காகவே மூன்றாவது சில்லு வாங்க வேண்டியிருக்கிறது, கொஞ்சம் எரிச்சல்தான். ஏழை ஐந்தால் பெருக்கினால் கேட்டுகள் தரும் மூன்று வரிசையும் விடையும் இப்படி இருக்கும்:

```
      1 1 1
    0 0 0
  1 1 1
-----------
1 0 0 0 1 1
```

முதல் வரிசையின் கடைசி இலக்கம் எந்தக் கூட்டலும் இல்லாமல் நேராக விடைக்குப் போய்விடும். மிஞ்சிய 11-ஐயும் இரண்டாம் வரிசையின் 000-ஐயும் முதல் 74283 கூட்டுகிறது; கிடைப்பது 0011. அதன் கடைசி இலக்கம் விடையில் அடுத்த இடம். மீதி 001 இரண்டாவது 74283-க்குப் போய் மூன்றாம் வரிசையின் 111-உடன் சேர்கிறது. இங்கேதான் வேடிக்கை. ஒரு கூட்டியில் பிறந்த கேரி அடுத்ததற்கும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கும் போய், 1000 ஆகிறது. எல்லாம் சேர்த்து 100011, அதாவது 35.

ஒவ்வொரு 74283-இலும் நான்கு முழுக்கூட்டிகளின் வேலை அடங்கியிருக்கிறது. நமக்குத் தேவை மூன்று, மொத்தம் ஆறு. நான்காவதன் இரண்டு உள்ளீடுகளையும் தரையில் கட்டிவிட்டால், மூன்றாவதிலிருந்து வரும் கேரி நான்காவது விடைக்காலில் தெரியும்.

இனி அந்த இரண்டு. முழுக்கூட்டிக்கு உள்ளீடு மூன்று: கூட்ட வேண்டிய இரண்டு இலக்கம், முந்தைய இடத்திலிருந்து வரும் கேரி. வரிசையின் முதல் கூட்டிக்கு முந்தைய இடமே இல்லை. அதனால் அதன் கேரி கால், அதாவது முதல் சில்லின் ஏழாவது கால், சும்மா இருக்கட்டும் என்று நண்பர் விட்டுவிட்டார். டி.டி.எல். சில்லு சும்மா விட்ட காலைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளாது, ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். முதல் 74283 உட்கார்ந்திருப்பது இரண்டின் இடத்தில். ஆகவே ஒவ்வொரு விடையிலும் அழைக்காத இரண்டு வந்து சேர்கிறது. பக்கத்திலேயே இருக்கும் எட்டாவது கால்தான் தரை. இரண்டையும் ஒரு துண்டு கம்பியால் இணைக்கச் சொல்லி எழுதினேன். மறு வாரமே, “பூஜ்யம் வந்துடுச்சு சார், ஏழேழு நாற்பத்தொன்பதும் வருது” என்று பதில்.

ஏழேழை மட்டும் நம்ப வேண்டாம் என்று மறுபடியும் எழுதினேன். அதில் எல்லா இலக்கமும் ஒன்று. பெருக்கும் எண்ணின் நடுக் கம்பியையும் மேல் கம்பியையும் மாற்றிச் செருகியிருந்தாலும் 49 வரும். ஏழை ஐந்தால் பெருக்கினால் குட்டு வெளிப்படும். 35 வர வேண்டிய இடத்தில் 21 வந்து நிற்கும். மொத்தமே 64 கணக்குதான், ஒரு டீ ஆறுவதற்குள் பாதியைப் போட்டுவிடலாம்.

பெரிய எண்களுக்கு இதே முறை கனத்துவிடும். 32 பிட் என்றால் 1024 கேட், 992 கூட்டி. கேரி நடக்க வேண்டிய தூரமும் கூடவே நீளும். அதைச் சுருக்க 1964-இல் வாலஸ் சொன்ன வழியைப் பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன்.

அதுவரை உங்களுக்கு ஒரு கேள்வி. முதல் சில்லின் ஏழாவது கால் சரியாகத் தரையில் இருக்கிறது. இரண்டாவது சில்லினுடையது மட்டும் அந்தரத்தில். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் பெருக்கினால் எந்த எல்.இ.டி. எரியும்? விடையை ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்