குறைந்த விலை எது, குறைந்த செலவு எது?



அன்னதான மண்டபத்துக்கு எவர்சில்வர் மேசைகள் வாங்கினோம். "மூணு கொட்டேஷன்ல அதிக விலை போட்டவருக்கே ஆர்டர் கொடுத்துட்டாங்க" என்று ஒரு பேச்சு ஓடுது. உண்டியல் பணம், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதனால் கணக்கை அப்படியே வைக்கிறோம்.

ஜோகூர் கடை போட்டது 9,900 வெள்ளி. இங்கே சிங்கப்பூரில் உள்ள பெரிய கம்பெனி 10,600. இங்கேயே உள்ள சின்னப் பட்டறை 11,500. மேலோட்டமா பார்த்தா பட்டறைதான் அதிகம். ஆனா அந்த மூன்று விலையும் ஒரே இடத்தில் நிற்கும் விலை இல்லை. ஜோகூர் விலை அவங்க கடை வாசல் வரைக்கும்தான். கம்பெனி விலையில் ஜிஎஸ்டியும் லாரி வாடகையும் சேரவில்லை. பட்டறை விலை மட்டுமே நம் மண்டபத்தில் இறக்கி வைக்கும் வரைக்கும்.

இப்போ மூன்றையும் மண்டபத்துக்கே கொண்டு வருவோம்.

கம்பெனி: 10,600, லாரி 250. லாரி வாடகைக்கும் 9% ஜிஎஸ்டி உண்டு. மொத்தம் 11,826 வெள்ளி 50 காசு.

ஜோகூர்: 9,900, லாரியும் காப்புறுதியும் 900. எல்லையில் ஜிஎஸ்டி கட்டும்போது பொருள் விலைக்கு மட்டும் இல்லை, வரும் செலவையும் சேர்த்து 10,800-க்குக் கட்டணும். அது 972. சுங்க அனுமதிக்கு ஏஜென்ட் கூலி 150. மொத்தம் 11,922.

பட்டறை: ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்னத் தொழில், அதனால் வரி போட முடியாது. மொத்தம் 11,500.

வரிசை அப்படியே தலைகீழ். 9,900 என்று ஆசை காட்டினதுதான் கடைசியில் அதிகச் செலவு. பட்டறைக்குக் கொடுத்ததால் 422 வெள்ளி மிச்சம்.

ஒண்ணு கவனிக்கணும். நம் கோயில் ஜிஎஸ்டி பதிவு செய்யாதது, கட்டிய வரி திரும்பி வராது. அதனால்தான் வரியைச் செலவாகச் சேர்த்தோம். வரியைத் திரும்பப் பெறும் நிறுவனம் என்றால் இந்தக் கணக்கு மாறும்; ஜிஎஸ்டி இல்லாமல் ஒப்பிடணும். அதே போல, ஜிஎஸ்டி கேட்கிறவர் உண்மையிலேயே பதிவு செய்தவரா என்று வருமான வரி ஆணையத்தின் இணையப் பக்கத்தில் பெயரைப் போட்டுப் பார்த்துவிடணும். பதிவு இல்லாதவர் வரி வாங்கக் கூடாது.

எங்கள் கருத்து இதுதான். இனி எந்த டெண்டர் கேட்டாலும், "மண்டபத்தில் இறக்கி வைத்து, வரி உட்பட மொத்தம் எவ்வளவு?" என்று எல்லாரிடமும் ஒரே கேள்வியை எழுத்தில் கேட்கணும். விட்டுப்போன செலவு இருந்தால் முடிவு எடுக்கும் முன்பே அவரிடம் எழுத்தில் வாங்கணும், நாமாக ஊகிக்கக் கூடாது. ஒப்பீட்டுத் தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டணும். அப்போ யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

மேசைகளுக்கான தாள் இன்று மாலையிலிருந்து ஆபீஸ் கவுண்டரில் இருக்கும். வந்து பாருங்க, கூட்டிப் பாருங்க.